கரும்பச்சை ஸ்டிக்கரில் லோகோவைச் சுற்றி ரோஸ் கோடு: பிஎன்ஜி போதுமா, வெக்டர்தான் வேணுமா?

முந்திரி_மஞ்சக்குப்பம்

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்குப் பண்ருட்டியில முந்திரி வியாபாரம். நான் கடலூர் மஞ்சக்குப்பத்துல வீட்ல இருந்தே கால் கிலோ, அரைக் கிலோ பாக்கெட் போட்டு விக்கிறேன். பாக்கெட் மேல 4 அங்குலம் அகலம், 5 அங்குலம் உயரத்துல ஒரு ஸ்டிக்கர். இதுவரைக்கும் வெள்ளை ஸ்டிக்கர்தான். தீபாவளிக்குக் கரும்பச்சையில போடலாம்னு இருக்கேன்.

லோகோ ரொம்ப சாதாரணம். சிவப்பு முட்டை வடிவம், அதுக்குள்ள மஞ்சளா ஒரு முந்திரிப்பருப்பு, கீழ வெள்ளை எழுத்துல கடைப் பேரு. மூணு வருஷம் முன்னாடி சொந்தக்காரப் பையன் ஒருத்தன் போட்டுக் குடுத்தது. அவன்கிட்ட மூல ஃபைல் இப்ப இல்ல. என்கிட்ட இருக்கிறது `logo_final.jpg` மட்டும்தான், 640க்கு 480.

வெள்ளையில ஒரு குறையும் தெரியல. பச்சையில வச்சதும் லோகோவைச் சுத்தி வெள்ளைப் பெட்டி. போன்ல ஒரு ஆப்புல வெள்ளையைத் தொட்டு அழிச்சு பிஎன்ஜியா எடுத்தேன். பெட்டி போயிடுச்சு, ஆனா சிவப்பைச் சுத்தி மெல்லிசா ஒரு கோடு நிக்குது. வெள்ளைன்னும் சொல்ல முடியல, ரோஸ் மாதிரி இருக்கு. பக்கத்துல தூசி மாதிரி சின்னச் சின்னப் புள்ளி வேற. புதுச்சேரியில ஒரு டிஜிட்டல் பிரிண்ட் கடையில ஒரு ஷீட் டெஸ்ட் எடுத்தேன், அதுலயும் கோடு அப்படியே விழுந்திருக்கு.

அந்தக் கடைக்காரர் "வெக்டர் இல்லாம வராதும்மா"ன்றார், அதாவது புள்ளியா இல்லாம கோடா வரைஞ்ச ஃபைல் வேணுமாம். எங்க ஊர் பிளக்ஸ் கடை அண்ணன் "பிஎன்ஜி போதும், அவன் சும்மா சொல்றான்"ன்றார். யார் சொல்றதைக் கேக்குறது? ஸ்டிக்கர்ல கீழ்ப்பாதியில முந்திரி போட்டோவும் வருது. அதையும் வெக்டர் ஆக்கணுமா?

டிடிபி_திருப்பாதிரிப்புலியூர்

இதுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய கேள்வி. ஜேபெக்ல பின்னணி நீங்காது, பிஎன்ஜியில நீங்கும். ஃபைலைத் திறந்து `Save As` போய் பிஎன்ஜி குடுங்க, முடிஞ்சது.

முந்திரி_மஞ்சக்குப்பம்

அண்ணா, போட்டுப் பாத்துட்டேன். வெள்ளைப் பெட்டியோடதான் பிஎன்ஜி வருது.

டிடிபி_திருப்பாதிரிப்புலியூர்

ஆமா, அழிச்சிட்டு சேவ் பண்ணணும். சொல்ல விட்டுட்டேன்.

பழைய_ஆஃப்செட்

அம்மா, நான் 31 வருடம் அச்சகத்தில் நின்றவன். நிறத்தைச் சுற்றிக் கோடு தெரிந்தால் அது ரிஜிஸ்டர் விலகல். ஒரு நிறத் தகடு இன்னொன்றின் மேல் சரியாக உட்காராமல் போனால் நடுவில் காகிதம் எட்டிப் பார்க்கும். கடைக்காரரிடம் ரிஜிஸ்டரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஃபைலை மாற்றிப் பயன் இல்லை.

வளைகோடு_புதுவை

ஐயா சொல்ற கோளாறு உண்மைதான், ஆனா இது அது இல்லைன்னு நினைக்கிறேன். ரிஜிஸ்டர் விலகினா கோடு ஒரு பக்கம்தான் வரும். இடது ஓரத்துல வெள்ளை எட்டிப் பாத்தா வலது ஓரத்துல ரெண்டு நிறமும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருக்கும். இங்க முட்டையைச் சுத்தி ஒரே அளவா கோடு இருக்கு. அதைவிட முக்கியம், போன் திரையிலயே தெரியுது. திரையில ஏது தகடு?

தங்கச்சி, நான் லேபிள் வேலைதான் பார்க்குறேன். அந்த ரோஸ் நிறம்தான் இங்க துப்பு. கொஞ்சம் கணக்கு சொல்றேன், பயப்படாதீங்க.

உங்க சிவப்பு சுமாரா 200, 30, 40ன்னு வச்சுக்குங்க (சிவப்பு, பச்சை, நீலம் அளவு). வெள்ளை மூணும் 255. முட்டையோட வளைவு சதுரப் புள்ளிகளுக்கு நடுவுல போகும்போது ஒரு புள்ளியில பாதி சிவப்பு, பாதி வெள்ளை வரும். அரைப் புள்ளின்னு ஒண்ணு கிடையாதே. அதனால ரெண்டையும் கலந்து 228, 143, 148ன்னு ஒரு நிறத்தை அங்க வச்சிடும். அது ரோஸ். வெள்ளைத் தாள்ல அந்தக் கலப்புதான் வளைவை வழவழப்பாக் காட்டுது. அது இல்லைன்னா படிக்கட்டு மாதிரி தெரியும்.

இப்ப உங்க ஆப் என்ன செஞ்சது? வெள்ளையா இருந்த புள்ளியை அழிச்சது. ரோஸ் புள்ளி வெள்ளை இல்லையே, அதை விட்டுடுச்சு. உங்க கரும்பச்சை 10, 70, 40ன்னா அந்த இடத்துல வரவேண்டிய நிறம் சிவப்பும் பச்சையும் பாதிப்பாதி, அதாவது 105, 50, 40. மங்கின பழுப்பு. அது இருக்கவேண்டிய இடத்துல ரோஸ் உக்காந்திருக்கு. கோடுன்னு நீங்க பாக்குறது அதைத்தான்.

தூசிப் புள்ளி வேற கதை. ஜேபெக் படத்தை 8க்கு 8 புள்ளிக் கட்டமாப் பிரிச்சு சுருக்குது. கூர்மையான ஓரம் ஓடுற கட்டத்துக்குள்ள வெள்ளையும் முழு வெள்ளையா நிக்காது, 250, 247ன்னு அங்கங்க அழுக்காகும். வெள்ளைத் தாள்ல கண்ணுக்குத் தெரியாது. முழு வெள்ளையை மட்டும் அழிச்சா அந்த அழுக்கு மிஞ்சிக் கரும்பச்சை மேல சுண்ணாம்பு தெறிச்ச மாதிரி நிக்கும்.

ஆக, ஜேபெக்கா சேவ் ஆன அன்னைக்கே வெள்ளை லோகோவுக்குள்ள கலந்தாச்சு. அப்புறம் பிஎன்ஜியா மாத்துறது கலந்த பாலை வேற பாத்திரத்துல ஊத்துற மாதிரி.

முந்திரி_மஞ்சக்குப்பம்

ஓ, அதனாலதான் ரோஸா. ஏன் வெள்ளையா இல்லைன்னு ரெண்டு நாளா யோசிச்சிட்டு இருந்தேன். அப்ப அந்த ரோஸ் புள்ளியை மட்டும் தேடி அழிச்சிட்டா?

வளைகோடு_புதுவை

அழிச்சா கோடு போகும், ஓரம் ரம்பம் ஆகும். அந்தப் புள்ளிக்குப் பாதி ஒளி ஊடுருவணும். பிஎன்ஜியோட நல்ல குணமே இதுதான். ஒவ்வொரு புள்ளிக்கும் 256 படிகள்ல ஊடுருவல் வைக்க முடியும். பழைய ஜிஃப்ல ஒரு புள்ளி இருக்கும் இல்லைன்னா இருக்காது, நடுவுல ஒண்ணும் கிடையாது. ஆனா பிஎன்ஜியில இடம் இருந்து என்ன, அதை யாராவது நிரப்பணுமே. உங்க ஆப் நிரப்பலை.

தேவனாம்பட்டினம்_வாலிபால்

பிரதர் எங்களுக்கும் இதே கதைதான். டீம் டி-ஷர்ட் மெரூன் கலர், லோகோ பிஎன்ஜி குடுத்தோம், ஸ்கிரீன் பிரிண்ட் போடுறவர் திருப்பி அனுப்பிட்டார். பின்னணி சுத்தமா இல்லாம எடுத்த பிஎன்ஜி பிரதர் அது, ரோஸ் கோடெல்லாம் இல்ல. இருந்தும் வேணாம்ட்டார். எதுக்கு?

வளைகோடு_புதுவை

ஸ்கிரீன்ல ஒரு மைக்கு ஒரு சட்டம். ஓட்டை வழியா மை இறங்கும் இல்லைன்னா இறங்காது. பாதி ஊடுருவலுக்கு அங்க வழி இல்ல. அதனால உங்க அழகான மென்மையான ஓரமே அவருக்குத் தொல்லை. நிறத்துக்கு ஒண்ணாப் பிரிச்ச வெக்டர் கேட்டிருப்பார். அதுக்குத் தனி இழை போடுங்க தம்பி, இங்க முந்திரியை முடிச்சுக்கலாம்.

டிடிபி_திருப்பாதிரிப்புலியூர்

சரி, நான் முன்னாடி அரைகுறையாச் சொல்லிட்டேன். இந்தத் தடவை சரியான வழி. கணினியில ஜிம்ப்னு படம் திருத்துற மென்பொருள் போட்டுக்குங்க, காசு கிடையாது. லோகோவைத் திறந்து `Colors > Color to Alpha`, நிறம் வெள்ளை. அது வெள்ளையை அழிக்காது, ஒவ்வொரு புள்ளியிலயும் எவ்வளவு வெள்ளை கலந்திருக்குன்னு கணக்குப் போட்டு அதை மட்டும் உருவி எடுக்கும். வளைகோடு அண்ணன் சொன்ன பாதி ஊடுருவல் தானா வந்துடும்.

முந்திரி_மஞ்சக்குப்பம்

பண்ணேன். ரோஸ் கோடு சுத்தமாப் போயிடுச்சு!! ஆனா இப்ப புதுப் பிரச்சினை. பச்சையில வச்சா முந்திரிப்பருப்பு பாசி பிடிச்ச மாதிரி இருக்கு. கடைப் பேரு எழுத்து காணவே காணோம், அந்த இடத்துல பச்சை தெரியுது. சிவப்பும் கொஞ்சம் மங்கல். அம்மா பாத்துட்டு "கெட்டுப்போன முந்திரி மாதிரி இருக்குடி"ங்குது.

டிடிபி_திருப்பாதிரிப்புலியூர்

அட.

வளைகோடு_புதுவை

அம்மா சொன்னது சரி. அந்தக் கருவிக்கு ஓரம் எது, உள்பக்கம் எதுன்னு தெரியாது. எங்கெல்லாம் வெள்ளை கலந்திருக்க வாய்ப்பு இருக்கோ அங்கெல்லாம் உருவும். வெளிர் மஞ்சள்னா அதோட கண்ணுக்கு வெள்ளை கலந்த மஞ்சள்தான். உங்க பருப்பு 245, 215, 150 மாதிரி ஒரு நிறமா இருந்தா, கருவி அதை நூத்துக்கு 41 பங்கு மட்டும் கெட்டியா விட்டுட்டு மீதியை ஊடுருவலா ஆக்கிடும். அந்த மீதி வழியா பச்சை வந்து பாசி ஆச்சு. எழுத்து முழு வெள்ளை, முழுசாப் போச்சு. உங்க சிவப்புலகூட 12 பங்கு ஓட்டை விழுந்திருக்கும்.

தம்பி சொன்ன வழி தப்பு இல்ல, அதை ஓரத்துக்கு மட்டும் குடுக்கணும். இப்படிச் செய்யுங்க. மூல லோகோ லேயரை ரெண்டாக்குங்க. கீழ் லேயர்ல `Color to Alpha` ஓடட்டும். மேல் லேயர்ல `Layer > Transparency > Add Alpha Channel` கொடுத்துட்டு வெளி வெள்ளையை மந்திரக்கோலால தேர்ந்தெடுங்க. `Select > Invert` கொடுத்தா முட்டை முழுசும் தேர்வாகும், உள்ள இருக்கிற எழுத்தும் சேர்ந்து. அப்புறம் `Select > Shrink`ல 3 புள்ளி குறைங்க. திரும்ப `Invert` கொடுத்து வெளியே இருக்கிறதை `Delete`. இப்ப மேல பழைய நிறம் மாறாத கெட்டியான நடுப்பகுதி, கீழ வெள்ளை உருவின மெல்லிய ஓரம். ரெண்டும் சேர்ந்து ஒரு பிஎன்ஜி.

அதுக்கும் கீழ கரும்பச்சை நிரப்பின ஒரு லேயரை வச்சுப் பாருங்க, 400 சதவீதத்துல பெரிசாக்கி. ஜிம்ப் காட்டுற சாம்பல் கட்டத்து மேல வச்சுப் பாத்தா எல்லா லோகோவும் சுத்தமாத்தான் தெரியும், அதை நம்பாதீங்க. ஏற்றுமதி செய்யும்போது பச்சை லேயரோட கண்ணை மூடிடுங்க.

முந்திரி_மஞ்சக்குப்பம்

வந்துடுச்சு அண்ணா. கோடும் இல்ல, பாசியும் இல்ல. தூசிப் புள்ளிகூட இல்ல.

அப்ப எங்க ஊர் பிளக்ஸ் அண்ணன் சொன்னதுதான் சரியா? வெக்டர் வேணாமா?

வளைகோடு_புதுவை

இந்த ஸ்டிக்கருக்கு மட்டும்னா அவர் சரி. 640ல லோகோ அகலம் சுமார் 500 புள்ளி இருக்கும்னு வச்சுக்குங்க. ஸ்டிக்கர்ல அது 2 அங்குலம். அங்குலத்துக்கு 250 புள்ளி, அச்சுக்குப் பரவாயில்லை ரகம். இதே லோகோவைக் கடை முன்னாடி 6 அடிப் பலகையில போட்டீங்கன்னா? 72 அங்குலத்துக்கு 500 புள்ளி, அங்குலத்துக்கு 7. ஓரம் எவ்வளவு சுத்தமா உருவினாலும் கொஞ்சம் தள்ளி நின்னாகூட மங்கலாத்தான் தெரியும். பிஎன்ஜி ஓரத்தைக் காப்பாத்தும், அளவைக் காப்பாத்தாது.

அதனால ரெண்டு பேருமே சரி. ஆளுக்கு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லி இருக்காங்க.

லாஸ்பேட்டை_கோரல்

இதுக்குப் போய் இவ்வளவு கஷ்டமா? அந்த பிஎன்ஜியை கோரல்ல இழுத்துப் போட்டு பிடிஎஃபா ஏற்றுமதி பண்ணா வெக்டர் ஆகிடும். நான் அப்படித்தான் எல்லாருக்கும் குடுக்குறேன், யாரும் குறை சொன்னதில்ல.

வளைகோடு_புதுவை

ஆகாது. பிடிஎஃப் ஒரு பை. அதுக்குள்ள கோடும் போகும், படமும் போகும். புள்ளிப்படத்தைப் போட்டா உள்ள புள்ளிப்படம்தான் இருக்கும். குறை சொல்லாததுக்குக் காரணம், சின்னதா அடிக்கிறப்ப வித்தியாசம் தெரியலை, அவ்வளவுதான்.

வந்த ஃபைல் நிஜ வெக்டரான்னு பாக்க வழி இருக்கு. இங்க்ஸ்கேப்னு வெக்டர் வரையுற மென்பொருள் இருக்கு, அதுல திறந்து `View > Display Mode > Outline` போடுங்க. நிஜ வெக்டர்னா முட்டை, பருப்பு, எழுத்து எல்லாம் மெல்லிய கோடாத் தெரியும். படம் ஒளிஞ்சிருந்தா வெறும் ஒரு செவ்வகம்தான் தெரியும். எஸ்விஜி ஃபைல்னா இன்னும் சுலபம், நோட்பேட்ல திறந்து தேடுங்க. இந்த மாதிரி வரி இருந்தா ஏமாத்து:

```
<image xlink:href="data:image/png;base64,...
```

நிஜமா வரைஞ்ச இடத்துல `<path d=` அல்லது `<ellipse` இருக்கும்.

லாஸ்பேட்டை_கோரல்

பாத்தேன். செவ்வகம்தான் தெரியுது. சரி விடுங்க.

முந்திரி_மஞ்சக்குப்பம்

பலகை பொங்கலுக்குப் போடணும், அதனால வெக்டரும் இப்பவே முடிச்சிடலாம்னு இங்க்ஸ்கேப் இறக்கினேன். `Path > Trace Bitmap`, அதுல `Multicolor`, `Scans` 8ன்னு இருந்துச்சு, அப்படியே விட்டு `Apply`. வெக்டர் வந்துச்சு. பச்சையில வச்சா... ரோஸ் கோடு திரும்ப வந்துடுச்சு. முன்னாடிக்கு இப்ப கத்தி மாதிரி கூர்மையா. அழுவுறதா சிரிக்கிறதா தெரியல.

வளைகோடு_புதுவை

சிரிங்க. எந்தப் படத்தை டிரேஸ் பண்ணீங்க, பழைய ஜேபெக்தானே? அதுல மூணு நிறம்தான்னு உங்களுக்குத் தெரியும். கருவிக்குத் தெரியாதே. 8 நிறம் எடுன்னு சொன்னா சிவப்பு, மஞ்சள், வெள்ளை போக மிச்சம் 5க்கு எங்க போகும்? ஓரத்துல இருக்கிற ரோஸ் வளையத்தைத்தான் ஒரு நிறமா எண்ணி அதுக்கும் அழகாக் கோடு வரைஞ்சு குடுத்திருக்கு. புள்ளிப்படத்துல ஒரு புள்ளி அகலத்துக்கு மங்கலா இருந்த அழுக்கு இப்ப நிரந்தரக் கோடு ஆச்சு. வெக்டர்னா ஓரம் சுத்தம்னு எல்லாரும் நம்புறாங்க. அழுக்கை டிரேஸ் பண்ணா அழுக்கு வெக்டர்.

`Scans` 3 வைங்க, `Stack` டிக் இருக்கட்டும். அது இருந்தா நிறங்கள் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வரும். இல்லைன்னா ஒட்ட வச்ச துண்டு மாதிரி வந்து நடுவுல மயிரிழை இடைவெளி தெரியும்.

ஆனா என்னைக் கேட்டா, இந்த லோகோவை டிரேஸே பண்ணாதீங்க. முட்டைன்னா ஒரு நீள்வட்டம். கருவியில ஒரு இழுப்பு. டிரேஸ் அதையே நாப்பது அம்பது கணுவோட நெளிநெளியாக் குடுக்கும், ஆறடிப் பலகையில அந்த நெளிவு பல்லைக் காட்டும். ஜேபெக்கை அடியில வச்சு அது மேல நீள்வட்டம் போடுங்க. பருப்புக்கு `Pen` கருவியில 6 அல்லது 7 கணு போதும், வளைவு திரும்புற இடத்துல மட்டும் வச்சு இழுங்க.

எழுத்தை டிரேஸ் பண்ணவே கூடாது. ‘ழ’ வோட சுழி, புள்ளி எல்லாம் 640ல உருகிப்போய்தான் இருக்கும். எந்த எழுத்துருன்னு அந்தப் பையன்கிட்ட கேளுங்க. மூல ஃபைல் இல்லைன்னாலும் இது ஞாபகம் இருக்கலாம்.

முந்திரி_மஞ்சக்குப்பம்

கேட்டேன். "ஏதோ பழைய பாமினி மாதிரி ஒண்ணு அக்கா"ன்றான். கண்டுபிடிக்க முடியல. அதுக்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போற யூனிகோட் எழுத்துரு ஒண்ணு எடுத்துத் திரும்ப அடிச்சேன். அப்பாவுக்கு வித்தியாசம் தெரியல. எனக்குத் தெரியுது.

டிடிபி_திருப்பாதிரிப்புலியூர்

இதுல நான் உறுதியாச் சொல்லலாம், தினமும் அடி வாங்குற விஷயம். எழுத்தை எழுத்தாவே விட்டுக் குடுத்தீங்கன்னா பிரிண்ட் கடையில அந்த எழுத்துரு இருக்காது. "முந்திரி"ல கொம்பு ஒரு பக்கம் புள்ளி ஒரு பக்கம்னு நிக்கும். அனுப்புறதுக்கு முன்னாடி எழுத்தைத் தேர்ந்தெடுத்து `Path > Object to Path`. கோரல்ல `Ctrl+Q`. அப்புறம் அது எழுத்து இல்ல, வெறும் வடிவம். எந்தக் கணினியில திறந்தாலும் மாறாது. ஆனா திருத்த முடியாது, அதனால திருத்தக்கூடிய பிரதி ஒண்ணை வேற பேர்ல வச்சுக்குங்க.

வளைகோடு_புதுவை

சரியான பேச்சு தம்பி. இன்னொண்ணு. எழுத்தை சிவப்பு முட்டையில ஓட்டையா வெட்டிடாதீங்க. வெள்ளைத் தாள்ல ஓட்டையும் வெள்ளை எழுத்தும் ஒண்ணுதான், பச்சையில ஓட்டை வழியா பச்சை தெரியும். வெள்ளை நிறம் கொடுத்து மேல வைங்க.

முந்திரி_மஞ்சக்குப்பம்

சரி. இப்ப போட்டோ. கீழ்ப்பாதி முழுக்க ஓரம் வரைக்கும் முந்திரி குவியல். அப்பா போன்ல எடுத்தது. இதையும் டிரேஸ் பண்ணணுமா?

தேவனாம்பட்டினம்_வாலிபால்

பண்ணுங்க பிரதர், வெக்டர்னா எவ்ளோ பெருசாக்கினாலும் உடையாது.

வளைகோடு_புதுவை

வேண்டாம். முந்திரி மேல இருக்கிற நிழல், தோல் மங்கல் எல்லாம் ஆயிரக்கணக்கான நிறம். டிரேஸ் பண்ணா மெழுகுப் பொம்மை மாதிரி ஆகும், ஃபைலும் திறக்காம தொங்கும். போட்டோவுக்கு ஜேபெக்தான் சரியான இடம். ஜேபெக் கெட்டது இல்ல, கூரான ஓரத்துலதான் அதுக்குத் தடுமாற்றம். குவியல்ல அந்த மாதிரி ஓரம் இல்ல. 4 அங்குலம் அகலம், 2.5 அங்குலம் உயரம்னா அங்குலத்துக்கு 300 வச்சு 1200க்கு 750 புள்ளி போதும். அப்பா போன் அதைவிட அதிகமாவே எடுத்திருக்கும். தரம் 90க்குக் குறையாம ஒரே தடவை சேவ் பண்ணுங்க.

மூல போட்டோவை வாட்ஸப்ல போட்டோவா அனுப்பச் சொல்லாதீங்க, சுருக்கிடும். ஆவணமா, அதாவது `Document` வழியா அனுப்பச் சொல்லுங்க. லோகோ பிஎன்ஜிக்கும் அதே விதி. போட்டோவா அனுப்புனா அங்கேயே ஜேபெக் ஆகி ஊடுருவல் போயிடும். "நீங்க குடுத்ததுலயே பெட்டி இருக்கே"ன்னு பிரிண்ட் கடையில சொல்றதுல பாதி இந்தக் கதைதான்.

எல்லாத்தையும் ஒரே இங்க்ஸ்கேப் பக்கத்துல சேருங்க. பச்சைப் பரப்பு, அதுக்கு மேல போட்டோ ஜேபெக், அதுக்கு மேல வெக்டர் லோகோ. பிடிஎஃபா எடுங்க. போட்டோ போட்டோவாவே இருக்கும், லோகோ கோடாவே இருக்கும்.

பழைய_ஆஃப்செட்

ஒரு சொல். போட்டோவின் மேல் ஓரமும் பச்சையின் கீழ் ஓரமும் சரியாக முட்டும்படி வைக்காதீர்கள். பச்சையைப் போட்டோவுக்கு அடியில் கொஞ்சம் நீட்டி விடுங்கள். வெட்டும் ஓரத்திலும் நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் அதிகம் விடுங்கள். கத்தி எப்போதும் ஒரு மயிரிழை விலகும்.

வளைகோடு_புதுவை

ஐயா சொன்னதைக் கண்டிப்பாச் செய்யுங்க. முட்டினா கோடு விழுற இடம் இதுதான்.

முந்திரி_மஞ்சக்குப்பம்

நேத்து புதுச்சேரி போய் ஒரு ஷீட் அடிச்சிட்டு வந்தேன். ரெண்டு லோகோவையும் ஒரே ஷீட்ல போட்டேன், ஜிம்ப் பிஎன்ஜி ஒண்ணு, இங்க்ஸ்கேப்ல வரைஞ்சது ஒண்ணு. சிவப்பு ஓரத்துல ரெண்டுலயும் ரோஸ் இல்ல. லென்ஸ் வச்சுப் பாத்தா பிஎன்ஜியில எழுத்து கொஞ்சம் மங்கல், வெக்டர் கத்தி மாதிரி. கையில எடுத்துப் பாத்தா வீட்ல யாருக்கும் எது எதுன்னு தெரியல. அப்பா பிஎன்ஜிதான் நல்லா இருக்குன்றார், பழைய எழுத்து அதுலதான் இருக்காம்!

ஒரு சந்தேகம் மட்டும். பிடிஎஃபை போன்ல திறந்தா போட்டோவுக்கும் பச்சைக்கும் நடுவுல மயிரிழை மாதிரி வெள்ளைக் கோடு தெரியுது. அச்சுல வரலை.

வளைகோடு_புதுவை

பெரிசாக்கிப் பாருங்க. கோடும் சேர்ந்து தடிமன் ஆனா நிஜமா ஃபைல்ல இருக்கு. எவ்வளவு பெரிசாக்கினாலும் அதே மெலிசா இருந்தா திரை செய்யுற வேலை, விட்டுடலாம். பச்சையை அடியில நீட்டினீங்களா?

முந்திரி_மஞ்சக்குப்பம்

அய்யோ, இல்ல. வெட்டுற ஓரத்துல மட்டும் 3 மில்லி விட்டேன். இப்ப நீட்டிப் பாத்தேன், போன்லயும் கோடு போச்சு. நன்றி தாத்தா.

பழைய_ஆஃப்செட்

நல்லது அம்மா.

முந்திரி_மஞ்சக்குப்பம்

கடைசியா ஒண்ணு. அடுத்த தடவை ஸ்டிக்கர் இல்லாம நேரா பழுப்புக் காகிதப் பை மேலயே அடிக்கலாமான்னு யோசனை. வெக்டர் இருக்கே, அப்படியே குடுத்துடலாம்தானே?

டிடிபி_திருப்பாதிரிப்புலியூர்

குடுங்க, வெக்டர் எதுல வேணாலும் வரும்.

பழைய_ஆஃப்செட்

வராது. ஸ்டிக்கரில் வெள்ளை எழுத்து என்பது மை படாத காகிதம். பழுப்புக் காகிதத்தில் மை படாத இடம் பழுப்பு. உங்கள் கடைப் பெயர் பழுப்பாக வரும், மஞ்சள் பருப்பும் அழுக்காகும். வெள்ளை மை தனியாக அடியில் அடிக்க வேண்டும்.

வளைகோடு_புதுவை

ஆமா. அப்ப வெள்ளைக்குன்னு ஒரு தனி நிற அடுக்கு வைக்கணும், அதை மேல் நிறத்தைவிட ஒரு மயிரிழை உள்ளே சுருக்கணும், இல்லைன்னா வெள்ளை எட்டிப் பாக்கும். எவ்வளவு சுருக்கணும்னு மெஷினைப் பொறுத்தது. பை அடிக்கிறவர் யார்னு முடிவானதும் அவரைக் கேட்டுட்டு வாங்க.

முந்திரி_மஞ்சக்குப்பம்

திரும்பவும் ஓரத்துல வெள்ளைக் கோடா? சரி, முதல்ல தீபாவளி ஸ்டிக்கர் வரட்டும்.

தேவனாம்பட்டினம்_வாலிபால்

அக்கா, பாக்கெட் எங்க கிடைக்கும்?